பாதி கட்டி முடிந்த பொட்டல்

புனேயில் ஒரு கட்டடம் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று கேட்டால், கேட்பவர் யார் என்று விசாரித்துக்கொண்ட பிறகே பதில் வரும். கடன் கொடுக்கும் வங்கி கேட்டால் முக்கால்வாசி முடிந்துவிட்டது. வருமான வரி அதிகாரி கேட்டால் இன்னும் ஒன்றுமே முடியவில்லை, ஐயா, ஓசி வரட்டும். பங்குதாரர் கேட்டால், அது நாம் எந்த வருடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஹிஞ்ஜவடியில் கணினி தட்டி, வாகட்டில் வாடகைக்குக் குடியிருந்து, வாகோலியில் வீடு பதிவு செய்திருக்கும் திருநெல்வேலிக்காரர் கேட்டால் பதிலே கிடையாது. கேள்விக்குப் பதிலாக ஒரு கடிதம் வரும். ஒன்பதாவது ஸ்லாப் போட்டாகிவிட்டது, பதினைந்து நாளில் பணம் கட்டவும், தவறினால் வட்டி.

ஒரே கட்டடம். ஒரே செங்கல், ஒரே கம்பி. ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் வேறு சதவீதம். இது ஏதோ திருட்டுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பகுதி சட்டப்படி, தரநிலைப்படி, ஆடிட்டர் கையொப்பத்தோடு நடப்பது. என் ஆத்திரமும் அதனால்தான். திருட்டாக இருந்தால் போலீஸுக்காவது போகலாம்.

சிக்கலின் வேர் நியாயமானது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நான்கு, ஐந்து வருடம் இழுக்கும் வேலையில் லாபத்தை எந்த வருடத்துக் கணக்கில் எழுதுவது? இரண்டு வழி உண்டு. வேலை முன்னேற முன்னேற, முடிந்த அளவுக்கு வருமானத்தையும் செலவையும் வருடாவருடம் எழுதுவது ஒன்று. இது நிறைவுச் சதவீத முறை. சாவி கொடுக்கும்வரை எதையும் எழுதாமல், வாங்கிய பணத்தை முன்பணமாகவும் செய்த செலவைக் கட்டுமானக் கையிருப்பாகவும் வைத்திருந்து, கடைசியில் மொத்தமாக எழுதுவது இன்னொன்று. இது ஒப்பந்த நிறைவு முறை. முதலாவதில் ஊகம் அதிகம், ஆனால் வருடத்துக்கு வருடம் படம் தெரியும். இரண்டாவதில் ஊகம் குறைவு, ஆனால் நான்கு வருடம் இருட்டு. இரண்டுக்கும் வக்காலத்து வாங்கலாம். 1983இல் வந்த ஏஎஸ் 7 என்ற தரநிலை இரண்டையும் அனுமதித்தது. 2002இல் அதைத் திருத்தி, 2003 ஏப்ரலிலிருந்து போடும் ஒப்பந்தங்களுக்குச் சதவீத முறை மட்டுமே என்றார்கள்.

அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். அந்தத் தரநிலை ஒப்பந்தக்காரருக்கு. அதாவது உங்கள் நிலத்தில் உங்களுக்காகப் பாலமோ அணையோ கட்டித் தருபவருக்கு. தன் நிலத்தில் தானே கட்டி, கட்டும்போதே விற்கும் பில்டர் ஒப்பந்தக்காரர் இல்லை, அவர் விற்பனையாளர் என்றார்கள். கடைக்காரர் மாதிரி. ஆனால் இந்தக் கடையில் சரக்கு வருவதற்கு நான்கு வருடம் முன்னாலேயே பணம் வாங்கிக்கொள்வார்கள். இந்த விசித்திரக் கடைக்காரருக்கென்று பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2006இல் ஒரு வழிகாட்டுக் குறிப்பு எழுதியது. 2012இல் அதைத் திருத்தியது. திருத்திய குறிப்பில் ஓர் உதாரணக் கணக்கு இருக்கிறது. இந்தத் துறையின் மொத்த மனசாட்சியும் அந்த ஓர் உதாரணத்தில் படுத்துத் தூங்குகிறது. அதனால் அதை நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு திட்டம். விற்கக்கூடிய பரப்பு 20,000 சதுர அடி. மொத்தச் செலவு மதிப்பீடு 600 லட்சம். அதில் நிலம் 300 லட்சம், கட்டுமானம் 300 லட்சம். 5,000 சதுர அடி, 200 லட்சத்துக்கு விற்றாகிவிட்டது. கைக்கு வந்தது 50 லட்சம். இதுவரை ஆன செலவு 360 லட்சம்: நிலம் முழுதும் 300, கட்டுமானம் வெறும் 60.

எத்தனை சதவீதம் முடிந்தது? நிலத்தையும் சேர்த்தால் 600க்கு 360, அதாவது 60 சதவீதம். கட்டுமானத்தை மட்டும் பார்த்தால் 300க்கு 60, அதாவது 20 சதவீதம். கண்ணால் பார்த்தால் அஸ்திவாரமும் சில தூண்களும்.

இங்கே குறிப்பு கொஞ்சம் கண்டிப்பு காட்டுகிறது. முக்கிய அனுமதிகள் எல்லாம் வந்திருக்க வேண்டும். நிலத்தை விட்டுவிட்டு, கட்டுமானச் செலவில் 25 சதவீதமாவது முடிந்திருக்க வேண்டும். விற்பனைப் பரப்பில் 25 சதவீதத்துக்காவது ஒப்பந்தம் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் 10 சதவீதப் பணமாவது வந்திருக்க வேண்டும். நம் திட்டத்தில் கட்டுமானம் 20 சதவீதம்தான் என்பதால் இந்த வருடம் ஒரு ரூபாய்கூட வருமானம் எழுதக் கூடாது. நல்லது. கைதட்டலாம். ஆனால் கையை அங்கேயே வைத்திருங்கள்.

அடுத்து இன்னும் 30 லட்சத்துக்குக் கம்பியும் சிமெண்டும் இறங்குகின்றன. கட்டுமானச் செலவு 90 லட்சம் ஆகிறது, அதாவது 30 சதவீதம். வேலி தாண்டியாயிற்று. இப்போது எத்தனை சதவீத வருமானம் எழுதலாம்? முப்பது என்பீர்கள். குறிப்பு சொல்வது 65. ஏனென்றால் வேலியை அளக்கும்போது வெளியே நிறுத்திவைத்த நிலத்தை, வருமானத்தை அளக்கும்போது மரியாதையாக உள்ளே அழைத்துக்கொள்வார்கள். 600க்கு 390, ஆகவே 65 சதவீதம். 200 லட்சம் விற்பனையில் 130 லட்சம் வருமானம். அதற்கு எதிரான செலவு, இதுவரை ஆன 390 லட்சத்தில் விற்ற பங்கான 97.5 லட்சம். லாபம் 32.5 லட்சம்.

அந்தக் கூட்டல் கழித்தலில் நடந்ததைக் கவனியுங்கள். முப்பது லட்சத்துக்குப் பொருள் இறங்கியது. வருமானம் பூஜ்யத்திலிருந்து 130 லட்சத்துக்குக் குதித்தது. கைக்கு வந்த பணம் இன்னும் அதே 50 லட்சம் என்றால், மீதி 80 லட்சம் யாரும் தராத, யாருக்கும் பில் போடாத வருமானம். கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு கௌரவமான தனி வரி உண்டு: பில் போடாத வருவாய். சதவீத முறையில் கணக்கு எழுதும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால், அட்டைப்படத்து நீச்சல் குளத்தை விட்டுவிட்டு நேரே அந்த வரிக்குப் போங்கள். விற்பனை வளரும் வேகத்தைவிட அது வேகமாக வளர்ந்தால், கட்டடம் காகிதத்தில் உயர்கிறது என்று பொருள்.

இதே தர்க்கத்தை ஓர் அடி பின்னால் நகர்த்திப் பாருங்கள். நிலத்தை வாங்கியாகிவிட்டது, ஒரு மண்வெட்டிகூட விழவில்லை. செலவு 300, மதிப்பீடு 600. முள்கம்பி வேலியும் இரண்டு எருமையும் மட்டும் இருக்கும் அந்தப் பொட்டல், செலவுக் கணக்குப்படி பாதி கட்டி முடிந்த கட்டடம். வருமானம் எழுத விடமாட்டார்கள் என்பது சரி. ஆனால் அந்தப் பாதிக்கு வேறொரு ஜன்னலில் நல்ல மதிப்பு இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை.

சதவீதம் என்பது ஆன செலவை மொத்தச் செலவு மதிப்பீட்டால் வகுப்பது. மேலே இருக்கும் எண்ணுக்கு ரசீது உண்டு, லாரி உண்டு, எடைச்சீட்டு உண்டு. கீழே இருக்கும் எண்ணுக்கு என்ன உண்டு? பில்டரின் திருவாய்மொழி. மொத்தம் 600 ஆகும் என்றால் 65 சதவீதம். எஃகு விலை ஏறிவிட்டது, பாறை உடைக்க வேண்டியிருக்கிறது, உண்மையில் 700 ஆகும் என்று ஒப்புக்கொண்டால் அதே 390க்கு 56 சதவீதம்கூட வராது. ஆக, லாபம் பொங்க வேண்டிய வருடத்தில் மதிப்பீட்டைத் தொடாதே. லாபம் அடங்க வேண்டிய வருடத்தில் மதிப்பீட்டை ஊது. ஒரு செங்கலும் அசைய வேண்டியதில்லை.

இது புனேயின் கண்டுபிடிப்பு இல்லை, ஜப்பானின் பெருமையும் இதில் சேர்ந்திருக்கிறது. 2015 ஜூலையில் டோஷிபா நிறுவனத்தைப் பற்றி வெளி நிபுணர் குழு கொடுத்த அறிக்கை, ஏறத்தாழ ஏழு வருடத்தில் 15,000 கோடி யென்னுக்கு மேல் லாபம் ஊதிக் காட்டப்பட்டதாகச் சொன்னது. அதில் ஒரு முக்கியமான வழி இதுதான். பல வருட உள்கட்டமைப்பு வேலைகளில் செலவு எகிறுவது தெரிந்தும் மொத்த மதிப்பீட்டை உயர்த்தாமல் விட்டார்கள். நஷ்டம் வரும் என்று தெரிந்த ஒப்பந்தத்துக்கும் அந்த நஷ்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். நிறுவனத் தலைவரும் முன்னாள் தலைவர்கள் இருவரும் தலை குனிந்து பதவி விலகினார்கள். நம் ஊரில் மதிப்பீடு தவறினால் தலை குனிவது வாங்கியவர்தான், மாமனார் முன்னால்.

சரி, பொட்டலின் பாதிக்கு மதிப்புள்ள ஜன்னல். 2016 ரேரா சட்டம், வாங்குபவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறது. நிலச் செலவுக்கும் கட்டுமானச் செலவுக்கும் மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம், அதுவும் திட்டம் நிறைவடைந்த சதவீதத்துக்கு ஏற்ப. பொறியாளர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர் மூவரும் சான்று தர வேண்டும். 2017 மே மாதம் மகாரேரா கடையைத் திறந்தபோது இதைக் கேட்டு நடுத்தர வர்க்கம் சாமிக்குத் தேங்காய் உடைத்தது. ஆடிட்டர் தரும் படிவம் 3ஐ எடுத்துப் பாருங்கள். கட்டடக் கலைஞர் சான்றுப்படி கட்டுமானம் எத்தனை சதவீதம் முடிந்தது என்பது ஒரு வரி. நிலமும் கட்டுமானமும் சேர்ந்த மொத்த மதிப்பீட்டில் இதுவரை ஆன செலவு எத்தனை பங்கு என்பது அதற்கு அடுத்த வரி. ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக, இரண்டு சதவீதம். எடுக்கக்கூடிய தொகை எந்த வரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்று ஊகிக்கப் பரிசு கிடையாது. பணத்தின் வரி. நம் உதாரணத்தில் தூண் எழும்பாத நாளிலேயே 600 லட்சத்தில் பாதி, 300 லட்சம்வரை எடுக்கத் தகுதி வந்துவிடும். கணக்கில் அவ்வளவு பணம் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிலத்துக்குப் பணம் போட்டவன் அதைத் திரும்ப எடுப்பதில் என்ன குற்றம் என்று கேட்பார்கள். குற்றம் இல்லை, சட்டமே அனுமதிக்கிறது. நான் கேட்பது வேறு. சதவீதம் என்ற ஒரே சொல்லை வாங்குபவரிடம் கட்டடமாகக் காட்டி, வங்கியிடம் செலவாகக் காட்டும் இந்த ஏற்பாட்டை, பாதுகாப்பு என்று பெயர் சூட்டி எங்களிடமே விற்றது யார்?

இப்போது 2018க்கு வருவோம். அந்த வருடம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு இண்ட் ஏஎஸ் 115 என்ற புதிய தரநிலை வந்தது. அதன் கேள்வி நேரடியானது: பொருள் யாருடைய கட்டுப்பாட்டுக்கு, எப்போது போகிறது? வேலை நடக்க நடக்க வருமானம் எழுத வேண்டும் என்றால் சில நிபந்தனைகளில் ஒன்றாவது நிறைவேற வேண்டும். கட்டும்போதே அந்தச் சொத்து வாங்குபவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அல்லது, அதை வேறு யாருக்கும் திருப்பிவிட முடியாததாக இருந்து, அதுவரை செய்த வேலைக்குப் பணம் கேட்டு வாங்கும் உரிமை பில்டருக்குச் சட்டப்படி இருக்க வேண்டும். இதைப் படித்ததும் நாட்டின் பல பெரிய பில்டர்களுக்கு ஞானம் பிறந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லையே! வாங்குபவர் மூன்று தவணை தவறினால் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்வோம், அபராதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவோம், வீட்டை வேறொருவருக்கு விற்போம். செய்த வேலைக்குக் காசு கேட்கும் உரிமை எங்களுக்கு எங்கே இருக்கிறது? ஆகவே சாவி கொடுக்கும் நாளில்தான் வருமானம். பத்து வருடத்துக்கும் மேலாகக் கதவடைத்துக் கிடந்த நிறைவு முறை, முன்வாசல் வழியாக மாலையோடு உள்ளே வந்தது. இதே விதியைப் படித்து வேறு முடிவுக்கு வந்து, சதவீத முறையிலேயே தொடரும் பெரிய நிறுவனங்களும் மும்பையில் உண்டு. ஒரே விதி, இரண்டு வாசிப்பு. உரைகாரர்கள் நமக்குப் புதிதா என்ன.

புனேயின் பெரிய பெயர்களில் ஒன்றான கோல்டே-பாட்டில் டெவலப்பர்ஸ் நிறைவு முறையில் கணக்கு எழுதுகிறது. 2023-24இல் 2,800 கோடி ரூபாய்க்கு மேல் வீடு விற்றதாக அந்த நிறுவனம் அறிவித்தது, அதுவரை இல்லாத உச்சம். அதே வருடத்து லாப நட்டக் கணக்கு நஷ்டத்தில் முடிந்தது. இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். விற்பனை என்று அறிவித்தது அந்த வருடம் போட்ட ஒப்பந்தங்கள். கணக்கில் ஏறும் வருமானம், பல வருடம் முன்பு விற்று அந்த வருடம் முடித்துக் கொடுத்த வீடுகள். இரண்டும் வேறு வேறு வீடுகள், வேறு வேறு விலைகள். அந்த நிறுவனம் இதை மறைக்கவும் இல்லை. ஆனால் பங்குச் சந்தையில் ஒரு சாதாரண மனிதன், உச்ச விற்பனையையும் நஷ்டத்தையும் ஒரே நாளிதழில் பக்கத்துப் பக்கத்து வரியில் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பது தரநிலை எழுதியவர்களின் கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை.

என் கோபம் அந்த லாப நட்டக் கணக்கில் இல்லை. அந்தக் கணக்குக்கு அடியில் நிற்கும் வாக்குமூலத்தில் இருக்கிறது. சாவி தரும்வரை வீடு எங்களுடையது, வாங்குபவருடையது இல்லை, செய்த வேலைக்கு அவரிடம் காசு கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை. இது கணக்குக் குறிப்பின் சாரம். அதே பில்டரின் இன்னொரு மேசையிலிருந்து வரும் கடிதத்தின் சாரம்: ஒன்பதாவது ஸ்லாப் போட்டுவிட்டோம், செய்த வேலைக்குக் காசு கொடு. ஸ்லாப் யாருடையது, ஐயா? உங்களுடையது என்றால் அதற்கு நான் எதற்கு மாதத் தவணை கட்டுகிறேன்? என்னுடையது என்றால் உங்கள் புத்தகத்தில் அது உங்கள் கையிருப்பாக எப்படி உட்கார்ந்திருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் உச்ச நீதிமன்றத்தில். மகாராஷ்டிர அரசு 2006 ஜூன் மாதத் திருத்தத்தைக் காட்டி, கட்டும்போதே விற்ற வீடுகளுக்கு மதிப்புக் கூட்டு வரி கேட்டது. 2013 செப்டம்பரில் லார்சன் அண்ட் டூப்ரோ வழக்கில் நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. வாங்குபவரோடு ஒப்பந்தம் போட்ட நொடியிலிருந்து பில்டர் அவருக்காகக் கட்டுகிறார், அது வேலை ஒப்பந்தம்தான் என்றது. பில்டர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தீர்களா? அதற்கு முன்பே, 2012இல், 2006க்கும் 2010க்கும் இடையில் வீடு வாங்கி, குடியேறி, பிள்ளைகளைப் பள்ளியிலும் சேர்த்துவிட்ட மனிதர்களுக்கு மும்பையிலும் புனேயிலும் கடிதங்கள் போய்விட்டன: ஐந்து சதவீத வரியை நீங்கள்தான் தர வேண்டும். ஆக, மாநில வரியை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி வந்தபோது பில்டர் எங்கள் ஒப்பந்தக்காரர், எங்களுக்காகவே கட்டியவர். வருமானம் எந்த வருடம் என்ற கேள்வி வரும்போது அவர் கடைக்காரர், தனக்காகக் கட்டி, பிறகு விற்பவர். ஆடுமாடுகூட ஒரு தொழுவத்தில்தான் கட்டிக்கிடக்கும்.

வருமான வரித் துறையைப் பற்றிப் பேசாமல் விட்டால் அவர்கள் வருத்தப்படுவார்கள். 2016 ஏப்ரலிலிருந்து வரிக்கென்று தனியாக வருமானக் கணக்கீட்டுத் தரநிலைகள் வந்தன. மூன்றாவது தரநிலை கட்டுமான ஒப்பந்தத்துக்குச் சதவீத முறையே என்றது. 25 சதவீதம் தாண்டியபின் லாபம் எழுதாமல் இருக்க முடியாது. நஷ்டம் வரும் என்று தெரிந்தாலும் முழுதாக முன்கூட்டி எழுதவும் விடமாட்டோம், அதையும் சதவீதமாகவே எழுது என்றது. 2017 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தத் தரநிலைகளில் சிலவற்றை வெட்டிப்போட்டது. 2018 நிதிச் சட்டம் 43சி.பி என்ற பிரிவைப் பின்தேதியிட்டுக் கொண்டுவந்து வெட்டியதை ஒட்டவைத்தது. அரசுக்கு அவசரம் என்றால் காலமே பின்னோக்கி ஓடும், அந்த வேகத்தைப் பாருங்கள்.

ஆனால் இதுவும் கட்டுமான ஒப்பந்தத்துக்கு. வீடு கட்டி விற்பவருக்கு? 2017 மே மாதம் அவர்களுக்கென்று ஒரு தனித் தரநிலையின் வரைவை வெளியிட்டார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்டார்கள். பிறகு அந்த வரைவு அறிவிக்கப்படவே இல்லை. அதே வருடம் மார்ச்சில் மத்திய நேரடி வரிகள் வாரியம் கேள்வி பதில் வெளியிட்டு, பில்டர்களுக்குத் தனித் தரநிலை இல்லை, பொருந்துகிற விதிகள் பொருந்துகிற அளவுக்குப் பொருந்தும் என்று அருளியிருந்தது. பொருந்துவது பொருந்தும். ஜோசியர்கூடக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருப்பார். இந்த ஓட்டை வழியாகத்தான், நாங்கள் ஒப்பந்தக்காரர் இல்லை என்ற அதே வாதம், தீர்ப்பாயம் தீர்ப்பாயமாக நடை போடுகிறது.

அரசுக்கு இதில் என்ன நஷ்டம், வரி என்றைக்கானாலும் வரத்தானே போகிறது என்பார்கள். சீட்டில் பணம் போட்ட பிலஹரி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போனபோது, 2008இல் உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னது. நிறைவு முறையைத் தொடர்ந்து பின்பற்றி, மொத்தத்தில் வரி வேறுபாடு இல்லை என்றால் துறை ஏன் அதைக் கலைக்க வேண்டும்? சில மாதச் சீட்டுக்கு அது நல்ல தீர்ப்பு. ஐந்து வருடக் கோபுரத்துக்கு அதே சமாதானத்தைச் சொல்லும்போது, நடுவில் ஓடிய காலத்துக்கு விலை இல்லை என்று ஆகிவிடுகிறது. நம் உதாரணத் திட்டம் முழுதும் அதே விலையில் விற்றால் 800 லட்சம். லாபம் 200 லட்சம். நான்கில் ஒரு பங்கு வரி என்று வைத்தால் 50 லட்சம். அதை மூன்று வருடம் தள்ளிப்போட்டால், பத்து சதவீத வட்டிக்கு 15 லட்சம் மிச்சம். அமெரிக்காவில் நீண்ட கால ஒப்பந்தங்களுக்குச் சதவீத முறையை விதித்தவர்கள், வேலை முடிந்தபின் திரும்பிப் பார்த்து, மதிப்பீடு தவறியதால் தள்ளிப்போன வரிக்கு வட்டி கணக்குப் போட ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கூடக் கட்டியிருந்தால் அரசு வட்டி தரும். வீடு கட்டும் ஒப்பந்தங்களுக்கு அங்கேயும் விலக்கு உண்டு, பில்டர் என்றால் எல்லாத் தேசத்திலும் செல்லப்பிள்ளைதான். இங்கே திரும்பிப் பார்க்கும் வழக்கமே இல்லை.

வேடிக்கையின் உச்சம் அந்த ஒரு சதவீதம். 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டுக்கு ஒவ்வொரு தவணையிலும் ஒரு சதவீதத்தை நாம் வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நமக்கு அபராதம். அந்த வரி பில்டரின் பெயரில் போய் நிற்கும். அவரோ எனக்கு இன்னும் வருமானமே இல்லை என்கிறார். சரி, அப்படியானால் வருமானம் வரும் வருடத்தில் கழித்துக்கொள் என்று வரி விதி சொல்கிறது. வருமானம் பிறக்கவில்லை, ஆனால் அதற்கான வரியை வாங்கியவர் கட்டிவிட்டார். பிறக்காத பிள்ளைக்குக் காதுகுத்து, செலவு மாமன் வீட்டார்.

எப்போது பிறக்கும்? இங்கேதான் மாநகராட்சியின் நிறைவுச் சான்றும் குடியேற்றச் சான்றும், மராத்தியில் போக்வட்டா என்பது, மேடைக்கு வருகின்றன. நிறைவு முறையில் வருமானம் பிறக்கும் நேரத்தை அந்தத் தாளோடு கட்டிவைத்தால், தாள் தாமதமாவதில் யாருக்கு லாபம் என்று சொல்ல ஆடிட்டர் தேவையில்லை. உள் வேலை செய்துகொள்ளுங்கள் சார் என்று சாவியைக் கொடுப்பார்கள், சான்று இல்லாமல். ஆறு கோபுரத்தில் ஐந்தில் துணி காயும். ஆறாவது கோபுரமும் கிளப் ஹவுஸும் நிற்காததால் திட்டம் இன்னும் நிறைவடையவில்லை. மாநகராட்சிக் குழாய் வராது, டேங்கர் வரும். அதிகாரி விழித்துக்கொண்டு, ஜனம் குடியிருக்கிறதே, இது கணிசமாக நிறைவடைந்ததுதானே என்று கேட்டால், வழக்கு. வழக்கு முடிவதற்குள் ஆறாவது கோபுரத்துக்கு வெள்ளையடித்துவிடலாம்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எந்த முறையையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மகாரேரா தளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தில், நான்கு எண்ணை ஒரே வரியில் போடுங்கள்: கட்டடக் கலைஞர் சொன்ன சதவீதம், பணம் எடுத்த சதவீதம், எங்களிடம் கேட்டு வாங்கிய சதவீதம், வருமானமாக எழுதிய சதவீதம். முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையில் இருபது வித்தியாசம் வந்தால் அடுத்த தவணைக் கடிதம் அனுப்பத் தடை. கணினி ஊர் இது. இதற்கு ஒரு மாலை நேர வேலை போதும். செய்ய மாட்டார்கள்.

அதுவரை, நிறைவு முறையில் எழுதும் நிறுவனத்தின் ஆண்டறிக்கை கிடைத்தால் கடன் பொறுப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளரிடம் பெற்ற முன்பணம் என்றோ, ஒப்பந்தப் பொறுப்பு என்றோ ஒரு பெரிய தொகை இருக்கும். அதில் உங்கள் பணமும் இருக்கிறது. பில்டர் உங்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது, அவர் புத்தகத்திலேயே, ஆடிட்டர் கையொப்பத்தோடு. அதே பணம் உங்கள் வங்கிப் புத்தகத்திலும் கடனாகத்தான் நிற்கிறது, நீங்கள் வங்கிக்குப் பட்ட கடனாக. வட்டி ஓடுவது உங்கள் புத்தகத்தில் மட்டும்.